முப்பது நாள், எந்த நாளிலிருந்து?

பாலிஷ் போட்டு மினுமினுக்கும் ஒரு தேக்குக் கட்டில் படம். அதன் கீழே மூன்று வரி: "உங்கள் அளவுக்குச் செய்து தரப்படும். 50% அட்வான்ஸ். 30 நாளில் டெலிவரி." கடைசியில் ஒரு போன் நம்பர். நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சிலர் "கனவு இல்லம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள், சிலர் நான்கைந்து ஆச்சரியக்குறி போடுவார்கள். சங்கதி ஒன்றுதான்.

பொய் எதுவும் இல்லாத அறிவிப்புதான். ஆனால் பட்டறைக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கிற சண்டைகளில் பாதி இந்த மூன்று வரிக்குள்தான் கிடக்கிறது. முப்பது நாள் என்றால் எந்த நாளிலிருந்து? போனில் பேசிய நாளா, வீட்டுக்கு வந்து டேப் பிடித்த நாளா, மைக்கா கலர் முடிவான நாளா, அட்வான்ஸ் கைக்கு வந்த நாளா? முதல் போனுக்கும் அட்வான்ஸுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் சாதாரணமாக ஓடிவிடும். வீட்டுக்காரர் முதல் நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார், ஆசாரி கடைசி நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார். இருபதாம் நாள் "என்னண்ணே, இன்னும் பலகையே இறங்கலையா?" என்று ஒருவர் கேட்க, "நீங்க கலர் சொன்னதே போன வாரம்தானே சார்" என்று மற்றவர் சொல்ல, அங்கே தொடங்குகிறது பிணக்கு.

அளவெடுப்பு, அட்வான்ஸ், டெலிவரி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. அளவு முடிவாகாமல் விலை வராது, விலை வராமல் அட்வான்ஸ் எவ்வளவு என்று தெரியாது, அட்வான்ஸ் இல்லாமல் பலகை வராது, பலகை வராமல் நாள் ஓடத் தொடங்காது. படத்துக்குக் கீழே எழுதுகிற வாசகம் இந்த வரிசையைச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று பார்க்க, ஒரே ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வோம். புது வீட்டின் படுக்கையறை ஒன்றில் சுவருக்கும் தூணுக்கும் நடுவே ஏழடி அகலத்தில் ஓர் இடம். அதில் ஏழடி உயரம், இரண்டடி ஆழத்தில் பிளைவுட் வார்ட்ரோப். அதற்கு மேலே இருக்கிற கான்கிரீட் லாஃப்டுக்கு இரண்டடி உயரத்தில் கதவு.

டேப் பிடிக்கும் நாள்

"அளவு நான் சொல்றேனே, ஏழுக்கு ஏழு. எதுக்கு வந்து பார்க்கணும்?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. அந்த ஏழடி பெரும்பாலும் கட்டட வரைபடத்தில் இருந்து எடுத்ததாக இருக்கும். வரைபடத்தில் இருப்பது செங்கல் சுவருக்குச் செங்கல் சுவர் அளவு. இரண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு ஏறினால் பக்கத்துக்கு அரை அங்குலம் வீதம் ஓர் அங்குலம் போய்விடும். 84 அங்குலம் என்று நம்பிச் செய்த பெட்டி 83 அங்குல இடத்துக்குள் நுழையாது. துணியில் தையல்காரர் உள்ளே மடித்துவைக்கிற பிடித்தம்போல் பலகையில் எதுவும் கிடையாது.

சரி, வீட்டுக்காரரே டேப் பிடித்து 83 என்று சொல்லிவிட்டால்? எந்த உயரத்தில் பிடித்தார் என்பது கேள்வி. கை தெரிந்த ஆசாரி அகலத்தை ஓரிடத்தில் எடுக்க மாட்டார். தரையோரம், இடுப்புயரம், மேலே என்று மூன்று இடத்தில் பிடிப்பார். நம் உதாரணத்தில் கீழே 83 அங்குலம் 4 நூல், நடுவே 83, மேலே 82 அங்குலம் 6 நூல் என்று வைத்துக்கொள்வோம். (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்.) பூச்சு வேலையில் தூக்கு கொஞ்சம் தப்பினால் சுவர் இப்படித்தான் மேலே போகப் போக உள்ளே சாயும், கண்ணுக்குத் தெரியாது. செய்ய வேண்டிய அளவு இந்த மூன்றில் மிகச் சிறியது. அதிலும் முக்கால் அங்குலம் குறைத்து, பெட்டியை 82 அங்குலத்தில் செய்துவிட்டு, மிஞ்சும் சந்தைச் சுவரின் சாய்வுக்கு ஏற்பச் சீவிய ஒரு பட்டியால் மூடுவார். மாட்டி முடித்த வார்ட்ரோபின் ஓரத்தில் மேலே ஒல்லியாகவும் கீழே அகலமாகவும் ஒரு பட்டி தெரிந்தால் அது கோளாறு அல்ல, சுவரின் சாய்வு அது.

மூலையும் அப்படியே. இரண்டு சுவர் சேருமிடம் சரியான மூலைமட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுவரில் மூன்றடியில் ஒரு கோடும் மற்ற சுவரில் நான்கடியில் ஒரு கோடும் போட்டு, குறுக்கே டேப்பைப் பிடிப்பார்கள். ஐந்தடி வந்தால் மூலை சரி. ஐந்தடி ஓர் அங்குலம் வந்தால் மூலை விரிந்திருக்கிறது, பெட்டியை ஒரு சுவரோடு ஒட்டினால் மற்ற சுவர்ப்பக்கம் ஆப்புபோல் ஒரு சந்து நிற்கும். ரசமட்டம் வைத்துத் தரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதும் இதோடு சேர்த்திதான். தரை ஓட்டத்தைக் கவனிக்காமல் வைத்த வார்ட்ரோபில் கதவு தானாகத் திறந்துகொண்டு நிற்கும்.

இதைவிடப் பெரிய சங்கதி எப்போது அளவெடுப்பது என்பது. புது வீட்டில் பூச்சு முடிந்த உடனே ஆசாரியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அப்போது தரை வெறும் கான்கிரீட்டாக இருக்கும். அதன்மேல் கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஏறும்போது தரை இரண்டு அங்குலம் வரை உயர்ந்துவிடலாம். லாஃப்டுக்குக் கீழே 86 அங்குலம் இருந்த இடம் 84 ஆகிவிடும். 84 அங்குல வார்ட்ரோப் அதில் நுழைந்தால் அதிர்ஷ்டம். அதனால் "டைல்ஸ் போட்ட பிறகே அளவெடுப்போம்" என்ற ஒரு வரி அறிவிப்பில் இருந்தே ஆக வேண்டும். ஆசாரிக்கும் வீட்டுக்காரருக்கும் அது ஒரு முறை வீண் அலைச்சலை மிச்சம் பிடிக்கும். ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால் அதன் உயரமும் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும்.

டேப் பிடிக்க வருகிறவர் இடத்தை மட்டும் அளந்துவிட்டுப் போனாலும் வேலை பாதிதான். பொருள் வரும் வழியையும் அளக்க வேண்டும். லிஃப்ட் எவ்வளவு உயரம், மாடிப்படி திரும்புமிடம் எவ்வளவு அகலம், அறைக் கதவு எவ்வளவு? எட்டடி உயரம், இரண்டடி ஆழத்தில் ஒரே பெட்டியாகச் செய்த அலமாரியைப் படுக்கவைத்து அறைக்குள் கொண்டுவந்து நிமிர்த்தும்போது அதன் மூலைக்கு மூலை நீளம் ஏறக்குறைய 99 அங்குலம். கூரை 98 அங்குலத்தில் இருந்தால் அலமாரி நிமிரவே நிமிராது, 96 அங்குலப் பொருளுக்கு 98 அங்குல உயரம் போதும் என்று காகிதத்தில் எவ்வளவு சரியாகத் தோன்றினாலும். இது தெரிந்தவர் அதை இரண்டு பெட்டியாகப் பிரித்துச் செய்வார்.

கட்டில் ஆர்டர் என்றால் அளக்க வேண்டியது அறையை அல்ல, மெத்தையை. கடை மெத்தைகள் 72, 75, 78 அங்குலம் என மூன்று நீளத்தில் வருகின்றன. "குயின் சைஸ் கட்டில்" என்று மட்டும் சொல்லி ஆர்டர் தந்தால், 75 அங்குலக் கட்டிலில் 78 அங்குல மெத்தை வந்து உட்கார்ந்து கால்பக்கம் மூன்று அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இவ்வளவுக்கும் அரை நாள் ஆகிவிடும். ஆசாரிக்கு அரை நாள் கூலி போகிறது. போகட்டும், ஆர்டர் கிடைத்தால் சரி. ஆனால் அளவெடுத்து, படம் வரைந்து, விலை சொன்ன பிறகு அந்தப் படத்தையே வேறொருவரிடம் காட்டி ஆயிரம் ரூபாய் குறைத்துச் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பட்டறைகள் சில அளவெடுக்க வருவதற்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு, ஆர்டர் உறுதியானால் பில்லில் கழித்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் இது நியாயம். இலவசம் என்று சொல்லி வந்து, இரண்டு நிமிடத்தில் டேப்பை நீட்டிச் சுருட்டிக்கொண்டு போகிறவரைவிட, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு மூலை மூலையாகப் பார்க்கிறவர் மலிவு.

அட்வான்ஸ் யாருடைய பணம்?

வார்ட்ரோபுக்கு விலை போடுவது முகப்பின் சதுர அடிக்கு. உயரத்தை அகலத்தால் பெருக்கினால் வருவது. நம்முடையது ஏழுக்கு ஏழு, 49 சதுர அடி. (பெட்டி 82 அங்குலம்தானே என்று கேட்காதீர்கள், பட்டியும் சேர்ந்துதான் முகப்பு, முழு அடிக்கு ஏற்றிக் கணக்கிடுவது வழக்கம், அதுவும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டியது.) ஒரு கணக்குக்காகச் சதுர அடி 1,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 78,400 ரூபாய். மேலே இருக்கிற லாஃப்ட் கதவு 14 சதுர அடி. அதற்குப் பெட்டி கிடையாது, சட்டமும் கதவும் மட்டும்தான். அதனால் பல ஆசாரிகள் அதற்குக் குறைந்த ரேட் போடுவார்கள். 900 ரூபாய் என்றால் 12,600. மொத்தம் 91,000. பேச்சில் "சதுர அடி ஆயிரத்து அறுநூறு" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், வீட்டுக்காரர் மனதில் 78,400 இருக்கும், சில பட்டறைகளின் பில்லில் 63 சதுர அடிக்கும் ஒரே ரேட் போட்டு 1,00,800 வந்து நிற்கும். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் பேசியிருப்பார்கள்.

இதில் பாதி, அதாவது 45,500 ரூபாய் அட்வான்ஸ். ஏன் பாதி? சிறிய பட்டறையில் பலகை வாங்கிப் போட முதல் இருக்காது. ஷீட், மைக்கா, கீல், டிராயர் சேனல், பசை எல்லாவற்றுக்கும் சேர்த்து விலையில் பாதி பக்கம் பொருளுக்கே போய்விடும். அட்வான்ஸ் என்பது ஆசாரியின் லாபமும் அல்ல, கூலியும் அல்ல. கையில் வாங்கிய இரண்டு மூன்று நாளில் அது பிளைவுட் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போய்ச் சேர வேண்டும். போகாமல், முந்தைய வாடிக்கையாளரின் பாக்கி வேலைக்குப் பலகை வாங்க அது திரும்பினால்தான் ஆபத்து. ஒருவர் அட்வான்ஸில் இன்னொருவர் வேலை நடக்கும்; அதற்கு அடுத்தவர் அட்வான்ஸ் வந்தால்தான் இவர் வேலை நகரும். நாள் தள்ளிப்போகிற பட்டறைகளில் கை மந்தம் என்பதைவிட இந்தச் சுழற்சியே அதிகம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: அட்வான்ஸ் கொடுத்த ஒரு வாரத்துக்குள் உங்கள் ஷீட் பட்டறையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதும் படம் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் தெரியும். பிளைவுட் ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். 303 என்றால் பொதுப் பயன்பாட்டுக்கான ரகம். அதிலேயே ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும் சாதாரண வகையும், கொதிநீரைத் தாங்கும் வகையும் என இரண்டு உண்டு. 710 என்றால் தண்ணீர் புழங்கும் இடத்துக்கான மரைன் ரகம். உலர்ந்த படுக்கையறை வார்ட்ரோபுக்கு மரைன் தேவையில்லை. குளியலறைச் சுவரை ஒட்டி வைப்பதானாலும் சமையலறை சிங்க்குக்குக் கீழே என்றாலும் தேவை. "18 எம்.எம். பிளைவுட்" என்று மட்டும் பேசி முடித்தால் கனம்தான் முடிவாகிறது, ரகம் அல்ல. விலையில் பெரிய வித்தியாசம் ரகத்தில்தான் இருக்கிறது.

அட்வான்ஸ் விஷயத்தில் மிகவும் மனக்கசப்பு வருவது ஆர்டரை ரத்து செய்யும்போது. "அட்வான்ஸ் திரும்பத் தரப்படாது" என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிற பட்டறைகள் உண்டு. "வேலையே தொடங்கலையே, முழுசா கொடுங்க" என்று நிற்கிற வீட்டுக்காரர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே தெளிவான ஒரு கோடு இருக்கிறது: பலகையில் ரம்பம் படுகிற நாள். அதுவரை ஷீட் முழு ஷீட். கடைக்காரர் கொஞ்சம் பிடித்துக்கொண்டு திரும்ப எடுப்பார், இல்லாவிட்டால் அடுத்த ஆர்டருக்கு ஆகும். வண்டிக்கூலியும் ஏற்றிறக்கு கூலியும்தான் நஷ்டம். அறுத்த பிறகு கதை வேறு. எட்டடிக்கு நாலடி ஷீட்டை உங்கள் வீட்டுச் சுவரின் அளவுக்கு அறுத்த துண்டுகள் இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது.

அறுப்பதற்கு முன் மாற்றம் சொன்னால்கூடக் கணக்கு மாறும் என்பது பலருக்குத் தெரியாது. நம் வார்ட்ரோபின் 82 அங்குலத்தை நான்கு கதவாகப் பிரித்தால் கதவுக்கு இருபதரை அங்குலம். நாலடி, அதாவது 48 அங்குல அகல ஷீட்டில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு கதவு வந்துவிடும், நான்கு கதவுக்கு இரண்டு ஷீட். "நாலு வேண்டாம், மூணு கதவா அழகா போடுங்க" என்று சொன்னால் கதவு 27 அங்குலத்துக்கு மேல் போகும். ஒரு ஷீட்டில் ஒரு கதவுதான் வரும், மூன்று கதவுக்கு மூன்று ஷீட். மிஞ்சிய 20 அங்குலப் பலகை உள்ளே தட்டு செய்ய ஆகும். ஆனால் கதவுக்கு வாங்கிய விலையுயர்ந்த மைக்காவில் மிஞ்சியது மூலையில் சாத்திவைக்கத்தான். போதாததற்கு அகலக் கதவின் பாரத்தில் கீல் சீக்கிரம் தொங்கும். வீட்டுக்காரருக்கு ஒரு கதவு குறைந்திருக்கிறது, ஆசாரிக்குச் செலவு கூடியிருக்கிறது. வரைபடத்தை ஒப்புக்கொண்ட பிறகு மாற்றம் என்றால் விலை மாறும் என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான், பணம் பிடுங்கும் நோக்கம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகையை எழுதிவைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. ஆகவே ரம்பம் படாத ஆர்டருக்கு முழு அட்வான்ஸையும் விழுங்கிக்கொள்வது எழுதிவைத்தாலும் உறுதியாக நிற்கும் என்று பட்டறைக்காரர் நம்பக் கூடாது. அறுத்து முடித்த வேலைக்கு முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று வீட்டுக்காரரும் நம்பக் கூடாது.

நாள் எங்கே போகிறது?

இப்போது அந்த முப்பது நாளுக்கு வருவோம். நம் வார்ட்ரோபுக்கு ஆகிற உண்மையான வேலை எவ்வளவு? கடைக்குப் போய்ப் பலகையும் மைக்காவும் எடுக்க இரண்டு மூன்று நாள். நீங்கள் தேர்ந்தெடுத்த மைக்கா நம்பர் கடையில் இல்லையென்றால் அதற்கே ஒரு வாரம்கூட ஆகலாம். அறுப்பு, பெட்டி சேர்ப்பது, உள்ளே தட்டு, டிராயர் எல்லாம் இரண்டு ஆள் கையில் ஒரு வாரம். மைக்கா ஒட்டுவது அவசரப்படுத்த முடியாத வேலை. பசை பிடித்துக் காயும்வரை பாரம் ஏற்றியோ கிளாம்ப் போட்டோ ஓர் இரவு விட வேண்டும். அவசரத்தில் எடுத்துச் சீவினால் சில மாதத்தில் ஓரம் எழும்பிவிடும், நடுவே விரலால் தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கும். பிறகு ஓரப்பட்டி, கீல், கைப்பிடி. கடைசியில் வீட்டில் வந்து மாட்ட இரண்டு நாள்.

கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரம், கொஞ்சம் மேலே. அப்படியானால் மீதி எங்கே? வரிசையில். உங்களுக்கு முன்னால் இரண்டு ஆர்டர் நிற்கிறது. முப்பது நாளில் பாதி வேலை, பாதி காத்திருப்பு. இதைச் சொல்ல ஆசாரிகள் தயங்குகிறார்கள், சொன்னால் வேறிடம் போய்விடுவார்களோ என்று. ஆனால் "உங்கள் வேலையில் கைவைப்பது இன்ன வாரம்" என்று சொல்லிவிடுகிற பட்டறையில்தான் வீட்டுக்காரர் தினமும் போன் அடிக்காமல் இருக்கிறார். "15 நாளில் டெலிவரி" என்ற அறிவிப்பைப் பார்த்தால் நான் கேட்கிற முதல் கேள்வி: கையில் வேறு வேலை இல்லையா? இல்லையென்றால் ஏன் இல்லை?

தேக்குக் கட்டிலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிளைவுட் கடையிலிருந்து அப்படியே வேலைக்கு வரும், மரம் அப்படி வராது. ஈரம் வற்றாத கட்டையில் செய்த கட்டில், வெயில் காலத்தில் சுருங்கி, இணைப்புகளில் சந்து விட்டு, உட்கார்ந்தால் கிரீச்சிடும். காய்ந்த கட்டையா என்று பார்க்க ஈரமானி என்ற சின்னக் கருவி இருக்கிறது. 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் உள்ளூர்களில் நிம்மதி, கடலோரத்தில் ஒன்றிரண்டு கூடலாம். மரம் வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதிதானா என்று பார்த்து, வெளிர் நிறத்து ஓரத்தை ஒதுக்குவதும் நேரம் பிடிக்கும். ஒதுக்காமல் விட்டால் பூச்சி முதலில் இறங்குவது அங்கேதான். கட்டிலுக்கு அடியில் மாவுபோல் பொடி கொட்டினால் அதுதான் காரணம்.

பாலிஷ்தான் நாளை அதிகம் தின்பது. உப்புத்தாள் போட்டு, சீலர் அடித்து, காயவைத்து, மறுபடி தேய்த்து, மேல்பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் நிற்கிற ஈரம் காயும் பூச்சில் சிக்கிக்கொண்டால் மேலே வெள்ளை பூத்ததுபோல் மங்கிவிடும். அதைத் தேய்த்து எடுத்துத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை. அதனால் மழை நாளில் பாலிஷ் வேலையைத் தள்ளிப்போடுகிற ஆசாரி உங்களை ஏமாற்றவில்லை. சொன்ன தேதிக்குத் தருகிறேன் என்று அடாத மழையில் பாலிஷ் அடிப்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மழையை விட்டால் முகூர்த்தம். ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைப்பவர்கள் குறைவு. ஆவணியும் தையும் பிறந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டில் வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போன ஆள்கள் திரும்ப ஒரு வாரம் ஆகும். ஆகவே ஆவணியில் வீடு குடிபோகிறவர் ஆனியிலேயே டைல்ஸை முடித்து, ஆடி முதல் வாரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் வரிசையில் முன்னால் நிற்கலாம். ஆவணி பிறந்த பிறகு போய் "அண்ணே, இருபதாம் தேதி பால் காய்ச்சுறோம், அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றால் அவர் சரி என்றுதான் சொல்வார். இல்லை என்று சொல்ல அவருக்கும் மனம் வராது.

படத்துக்குக் கீழே

இவ்வளவையும் வைத்து ஒரு பட்டறையின் வாசகத்தைத் திரும்ப எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

"வார்ட்ரோப், கட்டில், கிச்சன் கப்போர்டு உங்கள் அளவுக்குச் செய்து தருகிறோம். தரை டைல்ஸ் முடிந்த பிறகு அளவெடுக்க வருவோம். வருகைக்கு 500 ரூபாய், ஆர்டர் தந்தால் பில்லில் கழித்துக்கொள்வோம். வரைபடம், பலகை ரகம், மைக்கா நம்பர் மூன்றையும் நீங்கள் சரி என்று சொன்ன பிறகு 50% அட்வான்ஸ். அட்வான்ஸ் வந்த மறுநாளிலிருந்து 30 நாளில் டெலிவரி. பாலிஷ் வேலைக்கு மழைக்காலத்தில் 10 நாள் கூடும். பலகை அறுக்கும் முன் வேண்டாம் என்றால் வண்டிச் செலவும் கடைப் பிடித்தமும் போக மீதியைத் தருவோம். அறுத்த பிறகு அளவு மாற்ற முடியாது. பட்டறையில் வந்து பார்த்த பிறகு 40%, வீட்டில் மாட்டி முடித்த பிறகு 10%."

"இவ்வளவு கறாரா எழுதினா ஆர்டர் ஓடிடாதா சார்?" என்று பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். சில ஆர்டர் ஓடத்தான் செய்யும். அட்வான்ஸே கொடுக்காமல் "முதல்ல செஞ்சு வைங்க" என்கிறவர்கள் ஓடுவார்கள். மூன்று பேரிடம் படம் வரைய வைக்கிறவர்கள் ஓடுவார்கள். அந்த வேலைகளில் எப்படியும் லாபம் இருந்திருக்காது. நீளம் அதிகம் என்று தோன்றினால் சுருக்க வேண்டியது முதல் வரியைத்தான், "மறுநாளிலிருந்து" என்ற வார்த்தையை அல்ல.

வீட்டுக்காரருக்கு இதில் மிக உபயோகமானது நடுவே வருகிற நாற்பது சதவீதம். நம் கணக்கில் 36,400 ரூபாய். அதைக் கொடுக்கும் முன் பட்டறைக்கே போய், பொருள் வண்டியேறுவதற்கு முன் பார்க்கும் உரிமை அது. பெட்டியின் இரண்டு குறுக்கு மூலைகளையும் டேப்பில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வந்தால் பெட்டி நேர். டிராயரை முழுக்க இழுத்து லேசாக அமுக்கிப் பாருங்கள். மைக்காவைத் தட்டிப் பாருங்கள். இங்கே கண்ட குறையைச் சரிசெய்ய ஆசாரிக்குக் கருவியும் இடமும் பக்கத்திலேயே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அதே குறைக்கு அவர் கருவிகளையெல்லாம் சுமந்துகொண்டு வர வேண்டும்.

அளவும் ரகமும் தேதியும் வாய்ப்பேச்சாக இல்லாமல், வரைபடத்தின் ஓரத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளாக இருந்தால் நல்லது. குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி, மறுபக்கம் "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அட்வான்ஸை வங்கிக் கணக்கில் போட்டால் தேதி தானே பதிவாகிவிடும். பேசித் தீராத பிணக்கு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்போவது என்ன பேசினீர்கள், எந்தத் தேதியில் என்பதைத்தான்.

கடைசிப் பத்து சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 9,100 ரூபாய். கதவு நேராக நிற்கிறது, டிராயர் ஓடுகிறது என்று பார்த்துவிட்டால் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். "இருக்கட்டும், ஏதாவது வந்தா பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் இழுக்கிறவர்கள் வீட்டுக்கு ஆசாரி மறுபடி வர மாட்டார். புதுக் கதவுகள் துணிமணி ஏற்றிப் புழங்கத் தொடங்கிய சில வாரத்தில் ஒரு நூல், இரண்டு நூல் இறங்குவது இயல்பு. கீலில் இருக்கிற திருகை ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்றுத் திருப்பினால் மேலே வந்துவிடும். அதற்கு ஒரு முறை வந்து போவதும் சேர்த்துத்தான் விலை என்று ஆர்டர் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.